எட்டாவது பட்டை

என் மனைவியின் தம்பியை நான்தான் கெடுத்தேன் என்று அவள் வீட்டார் சொல்வதுண்டு. அவள் வழியில் இன்று இருப்பவர்கள் பதினேழு பேர். அவர்களில் பதினைந்து பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். மீதி இரண்டு பேரில் ஒருத்திக்குக் காது கேட்காது, இன்னொருவன் பம்பாயில் இருக்கிறான். இத்தனை பேரில் ஒருவர்கூட, வெல்டருக்கு எதற்குத் தேர்வு, ஒருமுறை தேறியவனுக்கு மறுபடி எதற்குத் தேர்வு என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கால்மணி நேரத்தில் சொல்லி முடித்திருப்பேன்.

செவிலிமேடு போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே நான் சூப்பர்வைசர். சென்னையில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன் அந்தப் பட்டறையில் நான் ஒருவன்தான். முதலாளி கூரம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏர், வண்டிப்பட்டை என்று தொடங்கி, அறுபதுகளின் நடுவில் அரிசி ஆலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நீராவிக் குழாய் போடுகிற அளவுக்கு வந்திருந்தார். நீராவிக் குழாய் என்றால் பாய்லர் சட்டத்துக்குள் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பற்றவைக்க முடியாது. பாய்லர் இன்ஸ்பெக்டர் முன்னால் தேறிய வெல்டர்தான் கை வைக்கலாம். அவனுக்கென்று ஒரு எண் இருக்கும். அந்த எண் கொண்ட அச்சை, பற்றவைத்த ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் சுத்தியலால் அடித்து விடவேண்டும். நாளைக்கு ஒரு இணைப்பு விட்டுப்போனால் யார் கை என்று தெரிய வேண்டுமே.

மைத்துனனை அந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். இதையும் அந்தப் பதினைந்து பேர் சொல்வதில்லை.

அவன் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா, பெரியப்பா, இரண்டு அண்ணன்கள் எல்லோரும் தறியில் இருந்தார்கள். இவன் மட்டும் ராணிப்பேட்டையில் ஒரு பாய்லர் தொழிற்சாலையில் ஆர்க் வெல்டிங் பழகி, தேர்விலும் தேறினான். பிறகு அங்கே சண்டை போட்டுக்கொண்டு வந்து, வாலாஜாபாத்தில் பஸ் பாடி கட்டும் இடத்தில் ஒரு வருஷம்போலக் கேஸ் வெல்டிங் செய்தான். அங்கிருந்து எங்களிடம் வந்தான். வந்த அன்றே என்னோடு முதல் தகராறு. ராணிப்பேட்டைச் சான்றிதழை மேஜைமேல் போட்டான். இது செல்லாது, மறுபடி தேர்வு எழுதவேண்டும் என்றேன்.

"அப்ப தெரிஞ்சது இப்ப மறந்துட்சா மாமா? சைக்கிள் ஓட்றது மறக்குமா?"

நாங்கள் கடைப்பிடித்த விதி எளிமையானது. ஒரு முறையில் தேறியவன் ஆறு மாதத்துக்குமேல் அந்த முறையில் வேலையே செய்யாமல் இருந்தால் அவன் தகுதி காலாவதி. வேறு முறையில் செய்துகொண்டிருந்தேன் என்பது கணக்கில் வராது. கேஸில் ஒரு கையில் தீச்சுடர், மறு கையில் கம்பி. சூடு தனி, உலோகம் தனி. அவசரமில்லாமல் காய்ச்சி, வேண்டியபோது கம்பியைத் தொட்டுக்கொள்ளலாம். ஆர்க்கில் மின்சாரம் பாய்ந்து சூட்டைக் கொடுப்பதும் ராடுதான், உருகி உள்ளே போவதும் அதே ராடுதான். அது கரையக் கரையக் கை இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும், இடைவெளி ஒரே அளவில் நிற்கவேண்டும். இரண்டும் வெவ்வேறு கைகள். ஒன்றில் கெட்டிக்காரன் மற்றதில் கற்றுக்குட்டியாக இருக்கலாம். இருக்கிறான். நான் பார்த்திருக்கிறேன்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே தேர்வு எழுதித் தேறினான். உருளைமேல் சுற்றும் குழாயில், ஆர்க்கில் தேறினான். எங்கள் வேலை அப்போது அவ்வளவுதான். அச்சில் அவனுக்கு நான்காம் எண் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவன் செய்த காரியம்தான் ஊரெல்லாம் பேச்சானது. பட்டறைத் தரையில் ஒரு குழி வெட்டினான். தறிக்குழி எந்த அளவோ அந்த அளவு. குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். எதிரே நான்கு பழைய பேரிங் உருளைகள், அவற்றின்மேல் குழாய். குழிக்குள் ஒரு மிதிப்பலகை. அதை மிதித்தால் சங்கிலி இழுத்துக் குழாய் கொஞ்சம் சுற்றும். நெசவாளி நகர்வதில்லை, நெய்த துணியைப் படமரத்தில் சுற்றிக்கொண்டே போவான், நெய்யவேண்டிய இடம் தானாக அவன் முன்னால் வந்து நிற்கும். அதே கதைதான் இங்கேயும். இவன் கை எப்போதும் குழாயின் உச்சியிலேயே இருக்கும். கால் மிதிக்கும், இணைப்பு அவனிடம் வரும். முதலாளி வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். அந்தக் குழியில் அவன் பற்றவைத்த இணைப்புகளில் இருநூற்றுப் பதினான்கை நான் பரிசோதித்திருக்கிறேன். தள்ளியது மூன்று. அவனைப் பற்றி நான் நல்லது சொல்வதில்லை என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

பிறகு ஐயம்பேட்டையில் ஒரு நூல் சாயப்பட்டறைக்கு நீராவிக் குழாய் போடும் வேலை வந்தது. மொத்தம் நாற்பத்தொரு இணைப்பு. இருபத்தெட்டைப் பட்டறையில் உருட்டியே முடித்துக் கொண்டுபோய் விடலாம். நிற்கும் குழாய்களுக்கு இங்கேயே ஃபிளாஞ்சு என்கிற வளையத்தட்டை வைத்து, அங்கே போல்ட்டில் மாட்டிவிடலாம். மிச்சம் பதின்மூன்று இணைப்புகளை அங்கேயே, சாயத்தொட்டிகளுக்கு மேலே, சுவரோரம் படுத்திருக்கும் குழாயில்தான் பற்றவைக்கவேண்டும். அந்தக் குழாயை யாரும் சுற்றமுடியாது. கீழே கொதிக்கிற தொட்டி, தொட்டியைச் சுற்றி ஆட்கள் நின்று நூல் முக்குகிற இடம்.

முதலாளி மைத்துனனிடம், இந்த வேலை முடிந்தால் இனி வெளியூர் வேலை எல்லாவற்றுக்கும் அவன்தான் தலைமை வெல்டர் என்று சொல்லிவிட்டார். அவன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். தறியை விட்டுப் போனவன் என்று அவனை ஏளனம் செய்த அண்ணன்களிடமும் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

நான் தேர்வு வேண்டும் என்றேன்.

முதலாளிக்கு எரிச்சல். இதே கை, இதே ராடு, இதே குழாய், இன்னும் என்ன தேர்வு என்றார். நான் ஒரு தட்டில் தண்ணீரை ஊற்றி மேஜையில் வைத்தேன். நிற்கிறது. தட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் வழியும். கவிழ்த்தால் தலையில் விழும். உருகிய இரும்பும் தண்ணீர் மாதிரிதான். உருளையில் சுற்றும் குழாயில் அது எப்போதும் உச்சியில், தட்டுத் தண்ணீராக இருக்கிறது. அசையாத குழாயில் ஒரே இணைப்பு மூன்று வேலையாகிவிடுகிறது. அடியில் தலைகீழாக, பக்கங்களில் ஏறுமுகமாக, உச்சியில் சமதளமாகப் பற்றவைக்கவேண்டும். அடிப்பக்கத்தில் ராடை நெருக்கிப் பிடிக்காவிட்டால் உலோகம் உள்ளே ஏறாது, வெளியே மட்டும் அழகாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அசையாத குழாயில் தேறியவன் உருளும் குழாயிலும் வேலை செய்யலாம். உருளும் குழாயில் தேறியவன் அசையாத குழாயைத் தொடக்கூடாது. முதலாளி தண்ணீரைத் துடைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். மைத்துனன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாத்தியாரா போயிருக்கலாம் நீ. பட்டறை கெட்டுது உன்னால."

அதுவரை என்னை நீங்கள் என்றுதான் அழைத்துவந்தான். அன்றிலிருந்து நீ.

இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். ஆறு அங்குலக் குழாய்த் துண்டுகள் இரண்டை நுனிக்கு நுனி வைத்து, படுக்கைவாக்கில், ஒரு இரும்புத் தூணில் மார்பளவு உயரத்தில் கிளாம்பு போட்டு இறுக்கியிருந்தோம். உச்சி எது என்று அவரே கூருளியால் ஒரு புள்ளி அடித்தார். முடிகிறவரை இது இப்படியே இருக்கவேண்டும், திருப்பக்கூடாது என்றார். மைத்துனன் தலையை ஆட்டினான்.

அடியிலிருந்து தொடங்கினான். குனிந்து, கழுத்தை ஒடித்து, தலைகீழாக. தீப்பொறி அவன் தோளில் விழுந்தது. நான் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய இடது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. மிதிக்கும், ஒன்றும் வராது, மறுபடி மிதிக்கும். இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முதலாளியோடு சாப்பிடப் போனார். போகும்போது முதலாளி என்னையும் கூப்பிட்டார். வரவில்லை என்று சொல்லக்கூடிய அழைப்பாக அது இல்லை.

திரும்பி வந்தபோது இணைப்பு முடிந்து ஆறிக்கொண்டிருந்தது. பார்க்க நேர்த்தியாக இருந்தது. அதுதான் சந்தேகம். அசையாத குழாயில் அடியிலிருந்து இரண்டு பக்கமும் ஏறி உச்சியில் வந்து சேரவேண்டும். அடியில் தொடக்கம் தெரியும், உச்சியில் முடிப்புத் தெரியும், உலோகம் உறைந்த அலைவரிகள் இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக மேலே பார்க்கும். இங்கே மேலடுக்கு முழுவதும் அலைவரிகள் ஒரே திசையில், ஒரே சுற்றாக, சேலைக்கரை போல ஓடிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் அடித்த புள்ளி மட்டும் உச்சியில் சரியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது வச்ச இடத்திலேயே இருந்ததா?"

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மைத்துனனும்தான். திருப்பியிருக்கிறது என்றேன். மூன்றே சொல்லில் சொன்னேனாம், இரக்கமில்லாமல் சொன்னேனாம். அது ஒரே சொல். எண்ணத் தெரியாதவர்கள் சொல்வது அது.

மைத்துனன் மறைக்கவில்லை. அவனுக்கு அதில் மறைக்க எதுவும் இருப்பதாகவே படவில்லை. "ஆமா சார், கிளாம்ப லூஸ் பண்ணி நாலு வாட்டி சுத்தினேன். நெய்யறவன் துணிய சுத்தாம எப்பிடி நெய்வான்? திருப்பி மார்க்குலயே கொண்டாந்து வெச்சுட்டனே."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தது அவனுக்கு அடி. என்மேல் அவனுக்கு இருந்த கோபத்தில் பாதி அந்தச் சிரிப்புக்கு உரியது, வந்தது என்னவோ என் தலையில்.

சோதிப்பது குழாயை அல்ல, அந்த நிலையில் உன் கையை என்றார் இன்ஸ்பெக்டர். குழாய் நன்றாகவே இருக்கலாம், அதிலிருந்து உன் கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். இந்தத் துண்டை வெட்டிப் பார்க்கவும் மாட்டேன், தவறியதாகவே எழுதுவேன் என்றார். அவர் மறுநாளும் ஊரில் இருந்தார். தவறியவனுக்கு உடனே மறுதேர்வு கொடுக்கலாம், ஆனால் ஒன்றுக்கு இரண்டு சோதனைத் துண்டு செய்யவேண்டும், இரண்டும் முழுதாகத் தேறவேண்டும். காலையில் வா என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போனார்.

அன்று வீட்டில் சோறு மட்டும் கிடைத்தது. என் மனைவி பரிமாறிவிட்டு நின்றாள். அவளிடம் தட்டு, தண்ணீர், அடிப்பக்கம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அந்தக் குழாய்க்குக் கீழே பதினெட்டுப் பேர் நின்று நூல் முக்குகிறார்கள், அவர்களும் யாருக்காவது தம்பிதான் என்றேன். அதைச் சொன்னதும் அவள் ரசத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு அவன் ஆளா தெரியல. குழாயா தெரியறான். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க டிப்ளமா கொறஞ்சா போயிருக்கும்?"

குறையாது. ஆனால் எனக்குத் தெரிந்திருந்ததே.

மறுநாள் நான் எங்கும் போகவில்லை. இன்ஸ்பெக்டரும் போகவில்லை. மைத்துனன் இரண்டு துண்டுகளையும் அடியிலிருந்து ஏறி, நிமிர்ந்து, குனிந்து, ஒழுங்காகவே பற்றவைத்தான். அவன் அண்ணன்கள் இரண்டு பேரும் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்று தெரியவில்லை, தறியை விட்டு ஒருநாளும் எழுந்திராதவர்கள். மைத்துனன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னிடம் பேசியது ஒருமுறைதான், ராடுப் பெட்டியை நகர்த்தச் சொல்லி. அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

ஒவ்வொரு துண்டிலிருந்தும் இணைப்புக்குக் குறுக்கே நான்கு பட்டைகள் அறுத்தோம். இரண்டு மேல் பாதியிலிருந்து, இரண்டு கீழ்ப் பாதியிலிருந்து. பற்றவைத்த இடத்துப் புடைப்பைத் தேய்த்து மட்டமாக்கினோம். பிறகு ஒவ்வொன்றையும் வளைக்கும் அச்சில் வைத்து ஜாக்கியால் அழுத்தி, இரண்டு கால்களும் ஒன்றையொன்று பார்க்கும் அளவுக்கு, ஊக்குபோல வளைக்கவேண்டும். பாதிப் பட்டைகளில் வெளி முகம் விரியும்படியும், பாதியில் வேர் என்று நாங்கள் சொல்லும் உள்பக்கம் விரியும்படியும் வளைப்போம். உள்ளே ஒட்டாத இடம் இருந்தால் வளைவில் வாய் பிளந்துகொள்ளும். பிளவு எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்குமேல் போனால் தவறியது.

முதல் துண்டின் நான்கும் கோடு விழாமல் வளைந்தன. முதலாளி என்னைப் பார்த்து இளித்தார். இரண்டாவதில் மேல் பாதிப் பட்டைகள் இரண்டும் சரி. கீழ்ப் பாதியில் வெளி முகத்தை வளைத்தது சரி. எட்டாவது, அடிப்பக்கத்து வேர். ஜாக்கி பாதி ஏறும்போதே ஒரு கருப்புக் கோடு தெரிந்தது. முழுக்க ஏறியபோது அது வாயாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் அளவுகோலை வைத்தார். எனக்குக் காட்டினார். கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எட்டில் ஏழு. என் மனைவி வீட்டார் இன்றுவரை இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டுக்கு ஏழு வாங்கினால் முதல் மாணவன் என்கிறார்கள். அந்த எட்டாவது பட்டை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கமாட்டார்கள். உச்சியில் கோளாறு வந்திருந்தால்கூட ஒரு தடவை கை தவறியது எனலாம். வந்தது அடியில், எந்த இடத்துக்காக இந்தத் தேர்வோ அதே இடத்தில். இனி அவன் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் மறுபடி வரலாம் என்று எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் பஸ் ஏறினார்.

முதலாளி சென்னையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். அசையாத குழாயில், ஆர்க்கில், அதே ரக ராடில் தேறியவன், வேலையில் இடைவெளி விடாதவன். எல்லாத் தாளையும் சரிபார்த்தேன். அவன் ஐயம்பேட்டையில் இரண்டு இணைப்பு முடித்தான். மூன்றாவதைத் தொடுவதற்குள் அவன் தாயார் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. சாமான் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனான். பெட்டியில் அவன் எண் அச்சும் இருந்தது.

சாயப்பட்டறைக்காரர்கள் நெருக்கினார்கள். முதலாளி எங்கள் இருவரையும் அந்தக் குழாய்க்கு அடியிலேயே கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து அச்சை எடுத்துக் கையில் உருட்டினார்.

"தம்பி, மீதி பதினொண்ண நீ அடிச்சுடு. அடிச்சுட்டு இந்த நம்பர குத்திடு. சூப்ரேசர் சாரு, நீங்க ரெண்டு நாளு லீவு போடுங்க. வூட்ல தங்கச்சிக்கும் சந்தோசமா இருக்கும்."

நான் முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. வேலையை விடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன். இதற்குச் சாட்சி கிடையாது, ஏனென்றால் நான் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் பேசிவிட்டான்.

"என் கை வேலைக்கு எவன் நம்பரையோ குத்துவியா? நான் நெய்ஞ்ச சேலைய இன்னொருத்தன் நெய்ஞ்சான்னு விப்பியா?"

முதலாளி ஏதோ சமாதானம் சொன்னார். அவன் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றித் தொட்டி விளிம்பில் போட்டான். போகும்போது என் பக்கம் திரும்பி, "உனக்காகன்னு நெனச்சுக்காத" என்றான்.

நான் அப்படி நினைக்கவில்லை. எனக்காக என்று நினைத்திருந்தால் அதிலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும். பதினெட்டுப் பேருக்காகவும் இல்லை. அடிப்பக்கத்து வேருக்காகவும் இல்லை. தன் எண் விழாத இடத்தில் தன் வேலை இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு. முதலாளி அவனுடைய நான்காம் எண்ணையே குத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தால் அந்தப் பதினொன்றையும் அன்றே முடித்திருப்பான் என்று நினைக்கிறேன். இதை என் மனைவியிடம் சொன்னேன். நல்லது செய்தவனைக்கூட விடமாட்டீர்களா என்றாள். மறுத்தது சரி, காரணம் தப்பு என்றேன்.

சென்னைக்காரன் காரியம் முடிந்து திரும்பி வரும்வரை குழாய் அப்படியே காத்திருந்தது. அவன்தான் பதினொன்றையும் முடித்தான். தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்த்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. மைத்துனன் செய்திருந்தாலும் வந்திருக்காது என்றார் முதலாளி. இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு அடியில் ஆட்களை நிற்கவைக்க முடியாது என்றேன். அன்றிலிருந்து அவரும் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

மைத்துனன் ராணிப்பேட்டைக்கே திரும்பிப் போனான். பழைய சண்டைக்காரர்கள் காலில் விழுந்துதான் சேர்ந்தான் என்று கேள்வி. சில மாதம் மாலை வேளைகளில் கழித்துப்போட்ட குழாய்த் துண்டுகளில் தலைகீழாகப் பழகி, அசையாத குழாயில் தேறிவிட்டானாம். இதை அவன் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. எத்தனை பட்டை வளைத்தார்கள், அடிப்பக்கத்து வேர் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவரும்படி அவளிடம் சொன்னேன். அடுத்த முறை ராணிப்பேட்டை போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தாள். கேட்டாயா என்றேன். கேட்கவில்லை என்றாள்.